துண்டா, குரூப்பா, சுவர்ப் பலகையா: முதலாளி அண்ணனுக்கு ஒரு யோசனை

அண்ணன், இதை நேர்ல சொல்ல ரெண்டு மூண்டு தரம் வந்தனான், ஒவ்வொரு தரமும் ஆரோ ஒராள் போட் இஞ்சினைத் தோள்ல போட்டுக்கொண்டு வந்திட்டார், கதை அதோட நிண்டு போச்சு. அதான் எழுதுறன், இரவைக்கு கடை பூட்டின பிறகு ஆறுதலா வாசிச்சுப் பாருங்க. விஷயம் எங்கட கடையில வேலை விபரம் எழுதிக் கிடக்கிற துண்டுகளைப் பற்றி. அதை விட்டிட்டு எல்லாரும் பார்க்கக்கூடின மாதிரி ஒரே ஒரு வேலைப் பலகை வைப்பம் எண்டுதான் கேக்கிறன். ஆனா பலகை எண்டா ஒண்டில்ல, நாலு வழி இருக்கு, நாலையும் எங்கட கடையை வச்சே யோசிச்சுப் பார்த்தனான்.

முதல்ல புரட்டாதி மாசம் நடந்ததைச் சொல்லுறன், உங்களுக்கும் மறந்திருக்காது. குச்சவெளி ஐயா அவர்ட 15 எச்பி இஞ்சினைக் கொண்டு வந்தார். பெரிய மெக்கானிக் கீழ் ஆணியைக் கழட்டி கியர் ஒயிலை இறக்கிப் பார்த்தா பால் தேத்தண்ணி மாதிரி வெள்ளையா வந்திச்சு, அப்ப புரொப்பல்லர் சாஃப்ட் சீல் போய் உப்புத்தண்ணி கியர் பெட்டிக்குள்ள பூந்திட்டுது எண்டு அதிலயே விளங்கிட்டுது. நீங்க உடன கொழும்புக்கு கோல் எடுத்து சீல் சொன்னீங்க, கலண்டர் தாளைக் கிழிச்சு அதில எழுதி சேட் பொக்கட்டுக்குள்ள வச்சீங்க. நான் கவுன்டர்ல "குச்சவெளி, சீல், புதன்" எண்டு எழுதி கண்ணாடிக்குக் கீழ வச்சனான். பெடியன் தன்ட பாட்டுக்கு இஞ்சின் மூடியில சோக்கால "சீல்" எண்டு எழுதிட்டு அதைச் சுவரோரமா ஒதுக்கிட்டான்.

சீல் செவ்வாய்க்கிழமையே பஸ் பார்சல்ல வந்திட்டுது, அண்ணன். நீங்க அண்டைக்கு கடையில இல்லை, பார்சலை எடுத்த பெடியன் அதை லாச்சிக்குள்ள போட்டான், பக்கட்டில பார்ட் நம்பர் மட்டும்தான், ஆற்ற இஞ்சினுக்கு எண்டு ஒண்டும் இல்லை. புதன்கிழமை ஐயா குச்சவெளியில இருந்து பஸ் ஏறி வந்தார், நான் கண்ணாடிக்குக் கீழ பார்த்திட்டு இன்னும் வரேல்ல எண்டு சொன்னனான். சனிக்கிழமை திரும்ப வந்தார், அப்பவும் அதே பதில். திங்கட்கிழமை சில்லறை தேடி லாச்சியைத் திறந்தப்பதான் அந்தப் பக்கட் கண்ணில பட்டுது. அதுக்கிடையில ஒயில் இல்லாமக் கிடந்த கியர் பெட்டிக்குள்ள ஒரு பேரிங் துருப் பிடிச்சிட்டுது, அதை நீங்க உங்கட காசிலதான் மாத்திக் குடுத்தீங்க. ஐயா சத்தம் போடேல்ல. "சாமான் வந்து எத்தினை நாள் தம்பி?" எண்டு மட்டும் கேட்டார். நான் ஆறு நாள் எண்டு உண்மையைச் சொன்னனான், அவர் முகத்தைப் பார்க்க ஏலாமப் போச்சு.

இதில எனக்கு உறைக்கிறது என்னெண்டா மூண்டு துண்டுமே சரி. நீங்க எழுதினதும் சரி, நான் எழுதினதும் சரி, பெடியன்ட சோக்கும் சரி. ஆரும் மறக்கேல்ல, ஆரும் பொய் எழுதேல்ல. ஆனா சீல் "சொல்லியாச்சு" எண்டதில இருந்து "வந்திட்டுது" எண்டு மாறினதை மூண்டில ஒரு துண்டும் காட்டேல்ல, ஏனெண்டா துண்டு எழுதின நேரத்திலயே நிண்டிடும், வேலை மட்டும் நகர்ந்து போகும். போன சனிக்கிழமை பின்னேரம் நான் எண்ணிப் பார்த்தனான்: தரையிலயும் ஸ்டாண்டிலயும் இஞ்சின் 19. லாச்சி, கண்ணாடிக்குக் கீழ, கலண்டர், ஆணியில குத்தினது எல்லாம் சேர்த்து துண்டு 31. அதில 9 துண்டு எப்பவோ வீட்ட போன இஞ்சின்களுக்கு, இன்னும் 3 இஞ்சினுக்கு துண்டே இல்லை, அதில ஒண்டு ஆற்றது எண்டு அரை மணித்தியாலம் கேட்டுத்தான் கண்டுபிடிச்சம்.

சரி, வழிகளுக்கு வாறன்.

முதல் வழி துண்டை விட்டிட்டு ஒரே வேலைக் கொப்பி, கார்பன் வச்ச பில் கொப்பி மாதிரி. மேல் தாள் வாடிக்கையாளருக்கு, கீழ் தாள் எங்களுக்கு, நம்பர் அச்சடிச்சே வரும். இது நல்ல விஷயம், எதைத் தெரிவு செய்தாலும் இதை வைக்கத்தான் வேணும், ஏனெண்டா இஞ்சினைத் தந்திட்டுப் போற ஆளின்ட கையில ஒரு கடதாசி இருக்கோணும். ஆனா கொப்பி மட்டும் காணாது. கொப்பி வந்த நாள் ஒழுங்கில போகும், நீங்க காலையில கேக்கிற கேள்வி அதில்ல. "எது சாமானுக்காக நிக்குது, எது இண்டைக்கு முடியும்" எண்டு கேப்பீங்க, அதுக்கு நாங்க ஒவ்வொரு பக்கமா பிரட்டோணும், முடிஞ்சதுக்கு கோடு கீறினமா இல்லையா எண்டு பார்க்கோணும், அதோட ஒயில் கையால பிரட்டுற கொப்பி ஒரு மாசத்தில என்ன கோலத்தில இருக்கும் எண்டு உங்களுக்கே தெரியும்.

ரெண்டாவது வாட்ஸ்அப் குரூப். இதைத்தான் கவுன்டர் அக்கா சொன்னவ, எல்லாற்ற ஃபோன்லயும் இருக்கு, செலவில்ல, ஃபோட்டோ போடலாம், எழுத விருப்பமில்லாத ஆள் வொய்ஸ் போடலாம். உண்மையில ஒரு உடைஞ்ச பார்ட்டைக் காட்டுறதுக்கு இதை மாதிரி ஒண்டும் இல்லை, ஃபோட்டோ ஒண்டு எடுத்து கொழும்புக்கு அனுப்பினா வேலை முடிஞ்சுது. ஆனா வேலையைக் கண்காணிக்க இது துண்டை விட மோசம் எண்டுதான் நான் நினைக்கிறன். காலையில போட்ட மெசேஜ் பத்து மணிக்கு மேல போயிடும், பின்னேரம் அதைத் தேட விரலால தள்ளிக்கொண்டே போகோணும். பின் பண்ணி வைக்கலாம்தான், ஆனா ஒரு குரூப்ல மூண்டு மெசேஜுக்கு மேல பின் பண்ண ஏலாது, அதுவும் கூடினது 30 நாள். எங்களிட்ட நிக்கிறது 19 இஞ்சின். அதோட ஒருத்தர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினா அது "பார்த்திட்டன்" எண்டா, "செய்யுறன்" எண்டா, "முடிஞ்சுது" எண்டா? போன கிழமை இதாலதான் ரெண்டு பேர் ஒரே இம்பெல்லரைப் போய் வாங்கிக்கொண்டு வந்தவங்க.

மூண்டாவது ஃபோன்லயே ஒரு பலகை, ட்ரெலோ மாதிரி. என்ட மச்சான் வேலை செய்யுற ஹோட்டல்ல பாவிக்கிறாங்க, நானும் இறக்கிப் பார்த்தனான். ஒவ்வொரு வேலையும் ஒரு கார்ட், விரலால ஒரு நிரல்ல இருந்து அடுத்த நிரலுக்கு இழுத்து விடலாம், எங்கட அஞ்சு பேருக்கு இலவசமே காணும், தமிழ்லயே எழுதலாம், தவணை நாள் போட்டா ஞாபகப்படுத்தும், ஆர் எப்ப நகர்த்தினது எண்டும் தெரியும். நீங்க கொழும்பு போனாலும், மூதூர்ப் பக்கம் ஆற்றயும் போட்டில வேலையா நிண்டாலும் பார்க்கலாம். நாலு வழியிலயும் பலம் கூடினது இதுதான், அதை நான் மறைக்கேல்ல. கூகுள் ஷீட்டும் கிட்டத்தட்ட இதே மாதிரித்தான், ஆனா சின்ன ஃபோன்ல கட்டம் கட்டமா பார்க்கிறது கண்ணுக்குக் கஷ்டம், அதால அதை விட்டிட்டன்.

ஆனா அண்ணன், எங்கட வேலை நடக்கிற இடத்தை நினைச்சுப் பாருங்க. பெரிய மெக்கானிக்கின்ட கை காலையில இருந்து பின்னேரம் மட்டும் கிரீஸ், அவர் ஒரு கார்டை நகர்த்த கை கழுவோணும், ஃபோனை எடுக்கோணும், லொக் திறக்கோணும், அப்பைத் திறக்கோணும். ஒரு தரம் செய்வார், ரெண்டு தரம் செய்வார், மூண்டாந்தரம் "பிறகு மாத்துவம்" எண்டு விட்டிடுவார், அவரைப் பிழை சொல்லவும் ஏலாது. அவர் சிங்களம்தான் வாசிப்பார், நாங்க தமிழ்ல எழுதினா அவருக்குப் பிரயோசனம் இல்லை. கறன்ட் போனா வைஃபை இல்லை, பெடியன்ட ஃபோன்ல டேட்டா மாசக் கடைசியில இருக்கிறதில்ல. எல்லாத்தையும் விட, ஃபோன் பலகையைத் திறந்தாத்தான் தெரியும். திறக்காத ஆளுக்கு அது இல்லாத பலகை. சுவர்ல இருக்கிறது வேண்டாம் எண்டாலும் கண்ணில படும்.

அதால என்ட விருப்பம் நாலாவது, சுவர்ல ஒரு பலகை. இது புதுசில்ல. ஜப்பான்ல டொயோட்டா ஃபக்டரியில 1950கள்ளயே தாய்ச்சி ஓனோ எண்டவர் அட்டைகளை வச்சுத்தான் அடுத்து என்ன செய்யோணும் எண்டு காட்டினவர், அதுக்கு கன்பன் எண்டு பேர், ஜப்பான் மொழியில பெயர்ப்பலகை எண்டுதான் அர்த்தமாம். ஃபோன்ல இருக்கிற பலகைகள் எல்லாம் அதைப் பார்த்து வந்ததுதான்.

பலகை இப்பிடி. பின்னுக்கு கிடக்கிற பிளைவுட்டில நாலடிக்கு நாலடி வெட்டி வெள்ளைப் பெயின்ட் அடிப்பம். வைட்போர்ட் வாங்கலாம்தான், ஆனா மார்க்கர் எழுத்தை தோள் உரசினாலே அழிஞ்சிடும், காந்தமும் எங்கட கடற்காத்துக்கு கொஞ்ச நாள்ல துருவேறும். அதால பித்தளைக் கொளுக்கி அடிச்சு அட்டையைத் தொங்க விடுவம். அட்டையில பென்சிலாலதான் எழுதோணும், பேனை மை தண்ணி பட்டாக் கரையும், பென்சில் கரையாது. அஞ்சு நிரல்: வந்தது, வேலை நடக்குது, சாமானுக்கு நிக்குது, டெஸ்ட், குடுக்க ரெடி. தலைப்பு ரெண்டு பாஷையிலயும் எழுதுவம்.

அட்டையில கன விஷயம் வேண்டாம். பெரிசா பில் கொப்பி நம்பர், கீழ ஊர், எச்பி, என்ன பிழை, எப்ப தாறது எண்டு சொன்ன நாள், அவ்வளவுதான். அதே நம்பரை ஒரு பிளாஸ்டிக் துண்டில எழுதி தங்கூசியால இஞ்சின்ட கைபிடியில கட்டுவம், தங்கூசி துருப் பிடிக்காது, அறாது. சாமான் வந்தா அந்த பக்கட்டிலயும் அதே நம்பர். அப்ப பில், அட்டை, இஞ்சின், பக்கட் நாலுக்கும் ஒரே நம்பர். நம்பரை எந்தப் பாஷைக்காரரும் வாசிப்பாங்க. கடன் காசுக் கணக்கு மட்டும் பலகையில வரக்கூடாது அண்ணன், கவுன்டர்ல நிக்கிற ஆக்கள் எல்லாம் பார்ப்பாங்க, அது உங்கட கொப்பியோடயே இருக்கட்டும்.

இனி குச்சவெளி ஐயாட இஞ்சினை இந்தப் பலகையில வச்சுப் பாருங்க. வந்த நாள் அட்டை ஒண்டு, நம்பர் 214 எண்டு வைப்பம். ஒயில் வெள்ளையா வந்த உடன அட்டை "சாமானுக்கு நிக்குது" நிரலுக்குப் போகுது, அந்த நிரலுக்கு மட்டும் ஒரு கட்டாயம்: என்ன சாமான், ஆர் சொன்னது, எப்ப வரும் எண்ட மூண்டும் எழுதாம அதில அட்டை தொங்கக்கூடாது. செவ்வாய்க்கிழமை பெடியன் பார்சலைப் பிரிக்கிறான், பலகையைப் பார்க்கிறான், சீல் எண்டு எழுதி நிக்கிறது 214 மட்டும், பக்கட்டில 214 எண்டு எழுதிட்டு அட்டையை வேலை நிரலுக்குத் திருப்புறான். ஒருவேளை அவன் மறந்தாலும் புதன்கிழமை காலையில நீங்க தேத்தண்ணியோட பலகையைப் பார்த்தா, புதன் எண்டு எழுதின அட்டை இன்னும் அதிலயே தொங்குது, "சீல் எங்க?" எண்டு கேப்பீங்க. ஆறு நாள் ஒரு நாளாயிடும். ஐயா பஸ் ஏற முதல் நான் கோல் எடுத்துச் சொல்லியிருப்பன்.

இன்னொரு விஷயமும் பலகை காட்டும், இதை நீங்க கோவிக்காமக் கேக்கோணும். எங்களிட்ட இஞ்சின் மாட்டுற ஸ்டாண்ட் மூண்டு, இஞ்சினை ஓட்டிப் பார்க்கிற தண்ணிப் பீப்பாய் ஒண்டு. அப்ப "வேலை நடக்குது" நிரல்ல மூண்டு கொளுக்கி, "டெஸ்ட்"ல ஒரு கொளுக்கிதான் அடிக்கோணும், நாலாவதுக்கு இடமே இருக்கக்கூடாது. இப்ப என்ன நடக்குது எண்டா, ஃபோன்ல ஆரும் கேட்டா நீங்க மனசிரங்கி "நாளைக்கு தாறன்" எண்டு சொல்லுவீங்க, பெரிய மெக்கானிக் பாதி கழட்டின இஞ்சினை இறக்கி வச்சிட்டு புதுசை ஏத்துவார், பாதி கழட்டினதின்ட போல்ட் நட் ஒரு தகர டின்னுக்குள்ள மூண்டு நாள் கிடக்கும், பிறகு எடுக்கேக்க ஒண்டு காணாது. கொளுக்கி நிறைஞ்சு இருக்கிறதைக் கண்ணால கண்டிட்டு கோல் கதைச்சா உங்கட வாயில "வெள்ளிக்கிழமை" எண்டுதான் வரும், அந்த வெள்ளிக்கிழமை நாங்க குடுப்பம்.

ஒரு விதிவிலக்கு வேணும். போட் பிரண்டு கடலுக்குள்ள தாண்டு போன இஞ்சின் வந்தா, அது வரிசையில நிக்கேலாது. வெளியில எடுத்து காத்துப் பட்டவுடன உள்ளுக்குத் துரு தொடங்கிடும், நல்ல தண்ணியால கழுவி, பிளக் கழட்டி தண்ணியை வெளியேத்தி, சிலிண்டருக்குள்ள ஒயில் விட்டு, அண்டைக்கே ஸ்டார்ட் பண்ணோணும், அடுத்த நாள் எண்டு விட்டா கிராங் பேரிங்கே போயிடும். அதுக்கு சிவப்பு அட்டை. சிவப்பு வந்தா ஒரு ஸ்டாண்டைக் காலி பண்ணலாம், அப்ப இறக்கின இஞ்சின்ட அட்டை வந்தது நிரல்ல முதல் கொளுக்கிக்குப் போகோணும். வேற எந்த அவசரத்துக்கும், சொந்தக்காரர் எண்டாலும், சிவப்பு இல்லை. இல்லாட்டி ஒரு மாசத்தில எல்லாம் சிவப்பாயிடும்.

சுவர்ப் பலகைக்கு உள்ள பெரிய குறை, கடைக்கு வெளியில நிக்கிற ஆளுக்குத் தெரியாது. அதுக்கு கவுன்டர் அக்காட யோசனையை எடுப்பம்: காலையில கடை திறந்த பிறகு ஒண்டு, பின்னேரம் அஞ்சு மணிக்கு ஒண்டு, பலகையை ஃபோட்டோ எடுத்து குரூப்ல போடுவன். குரூப் அதுக்கும் உடைஞ்ச பார்ட் ஃபோட்டோவுக்கும் மட்டும். பழைய ஃபோட்டோக்கள் இருக்கிறதால போன கிழமை எது எங்க நிண்டது எண்டும் பார்க்கலாம்.

இது எங்க பிழைக்கும் எண்டும் சொல்லிடுறன். ஒண்டு, அட்டையை நகர்த்த மறப்பம். அதைப் பிடிக்க ஒரு லேசான வழி இருக்கு, அஞ்சு மணிக்கு ஃபோட்டோ எடுக்க முதல் இஞ்சினை எண்ணுவன், அட்டையை எண்ணுவன். இஞ்சின் கூட எண்டா ஆரோ அட்டை போடாம எடுத்திருக்கிறம், அட்டை கூட எண்டா குடுத்திட்டுக் கழட்டேல்ல. ரெண்டு நிமிஷ வேலை. மற்றது, சாமானுக்கு நிக்குது எண்ட நிரல் குப்பைத்தொட்டி மாதிரி ஆகலாம், செய்ய விருப்பமில்லாத வேலையெல்லாம் அங்க போய்ச் சேரும், நாள் எழுதாத அட்டை அதில தொங்கினா அதுதான் அடையாளம்.

மூண்டாவதுதான் சொல்லக் கஷ்டம். நீங்க பொக்கட்டுக்குள்ள ஒரு துண்டு வச்சாப் போதும், பலகை செத்திடும் அண்ணன். பெடியள் உங்களைத்தான் பார்ப்பாங்க. முதலாளி துண்டில எழுதுறார் எண்டா உண்மையான வேலை துண்டில இருக்கு, பலகை சும்மா எண்டு நினைப்பாங்க. ரோட்டில ஆரும் மறிச்சுச் சொன்னா எழுதத்தான் வேணும், எழுதுங்க, ஆனா கடைக்குள்ள வந்த உடன அதை எனக்குத் தாங்க, அட்டையா மாத்திட்டு துண்டைக் கிழிச்சிடுவன்.

ஃபோன் பலகையை நான் ஒரேயடியா வேண்டாம் எண்டு சொல்லேல்ல. நீங்க நிலாவெளிப் பக்கம் ரெண்டாவது கடை போடுறதைப் பற்றிக் கதைச்சீங்க தானே, ரெண்டு இடத்தில வேலை நடந்தா ஒரு சுவர் காணாது, அண்டைக்கு ட்ரெலோவுக்குப் போவம், அட்டையும் நிரலும் பழகின ஆக்களுக்கு அது ஒரு நாள்ல விளங்கும். ஆனா ரெண்டையும் ஒரே நேரத்தில வைக்கக்கூடாது. சுவர்ல ஒண்டு, ஃபோன்ல ஒண்டு எண்டா எது சரி எண்ட சண்டை வரும், அது திரும்பத் துண்டுக் கதைதான்.

இப்ப தை மாசம், கடல் இன்னும் அடங்கேல்ல, வாற வேலை ஓவர்ஹோல்தான், அவசரம் குறைவு. பங்குனி பிறக்க கடல் அடங்கத் தொடங்கும், பிறகு மேற்குக் கரைப் போட்டுகளும் இந்தப் பக்கம் வரும், கடைக்கு முன்னுக்கு இஞ்சின் வரிசையா நிக்கும், அப்ப இதைத் தொடங்க ஏலாது. ஆறு கிழமை பார்ப்பம். அளவுக்கு ரெண்டே ரெண்டு கணக்கு வைப்பன்: சொன்ன நாள்ல குடுக்காத இஞ்சின் எத்தினை, சாமான் வந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல சும்மா கிடந்தது எத்தினை. ஆறாம் கிழமை இந்த ரெண்டும் குறையேல்ல எண்டா நானே பலகையைக் கழட்டி விறகுக்குக் குடுத்திடுறன்.

வெள்ளிக்கிழமை பெடியன் ஜும்ஆவுக்குப் போற நேரம் கடையில ஆக்கள் குறைவு, அந்த நேரம் பிளைவுட்டை வெட்டிப் பெயின்ட் அடிச்சு காயப் போடலாம். பித்தளைக் கொளுக்கி ரெண்டு டசின், ஒரு கட்டு அட்டை, பென்சில், இவ்வளவும் வாங்க நீங்க சரி எண்டு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இடம் நான் பார்த்து வச்சிருக்கிறன், லேத்துக்குப் பக்கத்தில அந்தப் பழைய கலண்டர் தொங்குற சுவர், உங்கட கதிரையில இருந்தும் தெரியும், பீப்பாய் அடியில இருந்தும் தெரியும்.